ஸ்டில்ட் பார்க்கிங் தளம்: பெரிய தூணா, செங்கல் சுவரா, கான்கிரீட் சுவரா?

கீழ்த்தளத்தைக் காருக்காகத் திறந்துவிட்டு, தூண்களின் மேல் மாடிகளை அடுக்கும் கட்டடத்தில் நிலநடுக்கம் எங்கே அடிக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஸ்டில்ட் தளத் தூண்களின் தலையிலும் காலிலும்தான் அடிக்கும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலம் நடுங்கியபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகைதான். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நார்த்ரிட்ஜ் மெடோஸ் குடியிருப்பின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். அது மரச்சட்டக் கட்டடம், அகமதாபாத்தில் இருந்தவை கான்கிரீட் கட்டடங்கள். பொருள் வேறு என்றாலும் விழுந்த விதம் ஒன்றுதான்.

இதனால் பார்க்கிங்கே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை, மனைக்குள் கார் நின்றாகத்தான் வேண்டும். வரைபட நிலையில் இருப்பவர் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறு. தூண்களைத் திருப்பி வைப்பதா, பெரிதாக்குவதா, ஸ்டில்ட்டில் சில இடங்களைச் செங்கல்லால் அடைப்பதா, கான்கிரீட் சுவர்கள் நிறுத்துவதா? இந்த நான்கையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்ப்போம்.

மென்தளம் எப்படி உருவாகிறது

மேல் மாடிகளில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. அதை வெறும் அடைப்பு என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம், வடிவமைப்புக் கணக்கிலும் பல நேரம் அதன் எடையை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கட்டடம் பக்கவாட்டில் அசையும்போது அந்தச் சுவர் மூலைக்கு மூலை ஒரு முட்டுக்கட்டையாக நின்று சட்டகத்தைச் சாய விடாமல் தடுக்கிறது. நான்கு மாடிகளும் சேர்ந்து கெட்டியான ஒரே பெட்டியாகிவிடுகின்றன. ஸ்டில்ட்டில் அந்த முட்டு இல்லை. அதனால் பெட்டி அப்படியே நகர, வளைய வேண்டிய வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களுக்கு வந்து சேர்கிறது. இப்படி மேல்தளத்தைவிட எளிதாக வளையும் தளத்தைத்தான் மென்தளம் என்கிறோம்.

ஒரு கணக்கு போட்டால் இதன் தீவிரம் தெரியும். தளத்துக்கு 3 மீட்டர் உயரம், மொத்தம் 5 தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குலுக்கலில் உச்சி 100 மி.மீ. நகர்கிறது. அது சமமாகப் பிரிந்தால் தளத்துக்கு 20 மி.மீ., அதாவது தள உயரத்தில் முக்கால் சதவீதத்துக்கும் கீழே. ஒழுங்காகக் கம்பி கட்டிய கான்கிரீட் தூண் விரிசலோடு அதைத் தாங்கிவிடும். அதே 100இல் 80 மி.மீ. ஸ்டில்ட்டில் மட்டும் விழுந்தால் அது 2.7 சதவீதம். தூண்முனைகளில் கான்கிரீட் உதிரும், கம்பி பிதுங்கும். மேலே இருக்கும் மொத்த எடையும் 80 மி.மீ. தள்ளி நின்று அந்தத் தூண்களை இன்னும் சாய்க்கப் பார்க்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் வடிவமைக்கும் நிலநடுக்க விசை, பெரிய நடுக்கத்தில் உண்மையில் வரக்கூடிய விசையைவிடப் பல மடங்கு குறைவு. கட்டடம் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிக் குறைக்கிறோம். சேதம் ஒரே தளத்தில் குவிந்தால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. ஆகவே ‘கணக்கில் வந்த விசைக்குத் தூண் பாஸ்’ என்ற பதில் மட்டும் ஸ்டில்ட் கட்டடத்துக்குப் போதாது.

எடுத்துக்கொள்ளும் கட்டடம்

ஸ்டில்ட், அதன் மேல் நான்கு மாடி. குறுக்கே 8 மீட்டர், நெடுக்கே 12 மீட்டர். குறுக்கு வாக்கில் மூன்று தூண், நெடுக்கு வாக்கில் நான்கு தூண், ஆக 12. தூணுக்குத் தூண் 4 மீட்டர். தூண் அளவு 230க்கு 450 மி.மீ., அதாவது சுவருக்குள் மறையும் ஒன்பது அங்குலத் தூண். கார் முன்பக்கத்திலிருந்து நேராக உள்ளே வருவதால், வழி அகலமாக இருக்கட்டும் என்று எல்லாத் தூணின் நீளப்பக்கத்தையும் நெடுக்கு வாக்கில் வைத்திருக்கிறார்கள். இது மிகச் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அமைப்பு.

ஒரு தூணின் பக்கவாட்டு விறைப்பைத் தோராயமாக `12EI/h³` என்று எடுக்கலாம்; E கான்கிரீட்டின் கெட்டித்தன்மை, I தூணின் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு, h உயரம். அதன் மேல்முனையை 1 மி.மீ. நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் இது. எம்25 கான்கிரீட், 3 மீட்டர் உயரம் என்றால், நீளப்பக்க வாக்கில் ஒரு தூண் ஏறக்குறைய 19 கிலோநியூட்டன் கேட்கும், குறுகிய பக்க வாக்கில் 5 மட்டும். ஒரே தூணுக்குள் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். பீம் வளையவே வளையாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. நிஜத்தில் இரண்டு எண்ணும் குறையும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

எல்லாத் தூணும் நெடுக்கு வாக்கில் இருப்பதால், குறுக்கு வாக்கில் ஸ்டில்ட் தளத்தின் மொத்த விறைப்பு 61 கிலோநியூட்டன். மேல் மாடியில் அதே தூண்களோடு சுவர்களும் சேர்கின்றன. இரண்டு தூணுக்கு நடுவே உள்ள ஒரு கட்டத்தை முழுக்க அடைக்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், மூலைமுட்டாகக் கணக்கிட்டால், சுமார் 18.5 கிலோநியூட்டன் விறைப்பைத் தரும். குறுக்கு வாக்கில் உள்ள 8 கட்டங்களில் 6இல் முழுச் சுவர் என்று வைத்தால் மேல்தளத்தின் விறைப்பு சுமார் 172. ஸ்டில்ட் அதில் 35 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இந்த எண்ணை எவ்வளவு ஏற்ற முடியும் என்பதே இனி வரும் ஒப்பீடு.

தூண்களைத் திருப்புவது

12 தூணில் 6ஐ மட்டும் 90 பாகை திருப்பி வைக்கிறோம். கான்கிரீட்டும் கம்பியும் ஒரு கிலோ கூடவில்லை. குறுக்கு வாக்கு விறைப்பு 61இலிருந்து 147 ஆகிறது. நெடுக்கு வாக்கில் 233 இருந்தது, அதுவும் 147க்கு இறங்குகிறது. இரண்டு திசையும் சமம். நிலநடுக்கம் எந்தத் திசையில் வரும் என்று கேட்டுக்கொண்டு வராது, ஆகவே ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் அடிமட்டமாகவும் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த 6 என்பதும் முக்கியம். நான்கு மூலைத் தூண்களையும் பக்க எல்லையில் சிலவற்றையும் திருப்பினால், திருப்பிய தூண்கள் கட்டடத்தின் இரு முனையிலும் சமமாக விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் பின்பக்கமாகவே குவிந்தால் முறுக்கம் வரும், அதைச் சற்று நேரத்தில் பார்ப்போம். கார் வழிக்கு இடைஞ்சலான தூண் நடு வரிசையில் முன்னால் இருப்பதுதான், அதை நெடுக்காகவே விட்டுவிடலாம்.

இப்போது விகிதம்? மேல்தளம் 258, ஸ்டில்ட் 147, ஆகவே 57 சதவீதம். செலவே இல்லாமல் 35இலிருந்து 57. ஆனாலும் மென்தளம் மென்தளம்தான். இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும், இதோடு நின்றுவிடக் கூடாது.

தூண்களைப் பெரிதாக்குவது

300க்கு 600 மி.மீ. தூண், பாதிக்குப் பாதி இரு திசையிலும் என்று வைத்தால் ஸ்டில்ட் விறைப்பு 450க்கு ஏறுகிறது. அதே தூண் உச்சிவரை போனால் மேல்தளம் 561, விகிதம் 80 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். எனக்கு இது முழு நிம்மதி தராததற்குக் காரணம் உண்டு.

முதலாவது, பீம் வளையாது என்று நாம் வைத்துக்கொண்டது தூண் பெரிதாகப் பெரிதாகப் பொய்யாகும். 600 மி.மீ. தூணின் முனை திரும்பாமல் பிடித்து வைக்க 230க்கு 400 பீமால் முடியாது. ஆகவே தாளில் வந்த 450 கட்டடத்தில் வராது. இரண்டாவது, தூண் மட்டும் இருக்கும் தளத்தில் எல்லாத் தூணின் இரு முனையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் தளம் சரியும். பெரிய தூண் அந்த நேரத்தைத் தள்ளிப் போடும், சரியும் வழியை அடைக்காது. மூன்றாவதாக ஒரு தவறும் நடக்கும். ஸ்டில்ட்டில் மட்டும் பெரிய தூண் வைத்து, முதல் மாடியிலிருந்து செலவைக் குறைக்கத் திடீரென ஒல்லியாக்குவார்கள். அப்போது பலவீனம் ஒரு மாடி மேலே ஏறிக்கொள்கிறது.

இந்திய நிலநடுக்க நெறியான ஐஎஸ் 1893இன் 2002 பதிப்பு, ஸ்டில்ட் தளத் தூணையும் பீமையும் கணக்கில் வரும் விசையைப் போல 2.5 மடங்குக்கு வடிவமைக்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தது. 2016 பதிப்பு அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டுக் கான்கிரீட் சுவரோ, மூலைவிட்ட முட்டுச் சட்டகமோ வேண்டும் என்கிறது. அந்த மாற்றத்தின் போக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

அதற்காகத் தூணை ஒல்லியாகவே விடலாம் என்று அர்த்தமில்லை. நிலநடுக்கத்தை மனதில் வைத்துக் கம்பி கட்டுவதற்கான ஐஎஸ் 13920இன் 2016 பதிப்பு, தூணின் குறுகிய பக்கம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. நம் உதாரணத்தின் ஒன்பது அங்குலத் தூண் அங்கேயே தோற்றுவிடுகிறது. தூண் சுவருக்கு வெளியே துருத்தி நிற்பது பிடிக்காமல் 230இலேயே நிற்கும் வழக்கத்தை ஸ்டில்ட் கட்டடத்திலாவது விட்டுவிட வேண்டும்.

சில கட்டங்களைச் செங்கல்லால் அடைப்பது

இதுதான் கேட்பவர்களுக்கு உடனே பிடிக்கும் யோசனை. மேலே சுவர் இருப்பதால்தானே வித்தியாசம், கீழேயும் நாலு சுவர் வைத்தால் தீர்ந்தது. தூண்களைத் திருப்பிய நிலையில் குறுக்கு வாக்கில் 4 கட்டத்தை அடைத்தால் விறைப்பு 221, விகிதம் 86 சதவீதம். கணக்கு நன்றாகவே வருகிறது.

விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல என்பதை இங்கேதான் மறக்கக் கூடாது. கம்பியில்லாத செங்கல் சுவர் சில மி.மீ. நகர்விலேயே மூலைக்கு மூலை விரிசல் விடும். அதிக விசை கீழ்த்தளத்தில்தான் என்பதால் முதலில் உடைவதும் கீழ்த்தளச் சுவரே. ஒரு கட்டத்தில் சுவர் உதிர்ந்ததும் அந்தப் பக்கம் மென்மையாகிவிடும். நான்கும் ஒரே நொடியில் உடையாது, ஒன்று போய் மூன்று நிற்கும்போது கட்டடம் முறுக்கிக்கொள்ளும். குலுக்கலின் நடுவில் மீண்டும் ஆரம்ப நிலைக்கே வந்து நிற்போம்.

இன்னொரு பிரச்சினை மனிதர்களால் வருவது. செங்கல் சுவரைப் பார்க்கும் யாருக்கும் அது கட்டடத்தைத் தாங்குவதாகத் தோன்றாது. ஐந்து வருடம் கழித்து இன்னொரு கார் வரும், சுவர் போகும். மிதமான நடுக்கத்துக்கு இது உதவும், அடைப்பது ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட நல்லதுதான். புதிதாகக் கட்டுபவர் இதை மட்டும் நம்பக் கூடாது.

அடைப்பதென்று முடிவு செய்தால் பாதி உயரத்தில் நிறுத்தவே கூடாது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூணோடு ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால், தூண் வளையக்கூடிய உயரம் பாதியாகிறது. விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கோடு போவதால் எட்டு மடங்காகிறது. பக்கத்துத் தூண்கள் சும்மா நிற்க, அந்த ஒரு தூண் விசையையெல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொண்டு குறுக்கே எக்ஸ் வடிவில் வெடிக்கும். குட்டைத்தூண் என்று சொல்வது இதைத்தான். படிக்கட்டின் நடுத்தட்டைத் தாங்கும் பீம் தூணின் பாதி உயரத்தில் வந்து சேர்ந்தாலும் இதே நிலைதான். தடுப்புச் சுவர் தேவைப்பட்டால் தூணை ஒட்டாமல் ஓர் இடைவெளி விட்டுக் கட்டி, அந்த இடைவெளியை மெத்தென்ற பொருளால் அடைத்துவிடலாம்.

கான்கிரீட் சுவர்கள்

பொறியாளர்கள் ஷியர் வால் என்று சொல்வது. 200 மி.மீ. தடிமன், 2 மீட்டர் நீளம் உள்ள ஒரு சுவர், அடியில் மட்டும் பிடித்து நிற்பதாகக் குறைத்துக் கணக்கிட்டாலும் ஸ்டில்ட் உயரத்தில் சுமார் 280 கிலோநியூட்டன் விறைப்பைத் தருகிறது. நம் ஒன்பது அங்குலத் தூணைக் குறுகிய வாக்கில் 55 வைத்தால்தான் அவ்வளவு வரும். குறுக்கு வாக்கில் இப்படி இரண்டு சுவர், திருப்பி வைத்த பழைய அளவுத் தூண்களோடு: ஸ்டில்ட் 707. அதே சுவர்கள் மேலேயும் போவதால் மேல்தளம் 818. விகிதம் 86 சதவீதம்.

செங்கல்லிலும் இதே 86 தானே வந்தது என்று கேட்கலாம். செங்கல்லில் அந்த 86, சுவர் முழுசாக நிற்கும்வரைதான். கான்கிரீட் சுவரில் மேல்தளத்துச் செங்கல் உடைந்தாலும் உடையாவிட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது, ஏனென்றால் எல்லாத் தளத்திலும் வேலையின் பெரும்பங்கைச் செய்வது ஒரே சுவர். அது விறைப்பான ஒரே துண்டாக அடியிலிருந்து உச்சிவரை நிற்பதால், ஒரு தளம் மட்டும் தனியாகச் சரிவதை விடாது. எல்லாத் தளத்தையும் தன்னோடு ஒரே சாய்வில் நகரச் செய்யும். முன்பு பார்த்த 100 மி.மீ.ஐப் பல தளங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலையை இதனால்தான் நம்பிக்கையோடு செய்ய முடிகிறது. ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பு, சுவர் வைத்த பிறகு ஸ்டில்ட்டின் விறைப்பு மேல்தளத்தில் 80 சதவீதத்துக்கும் வலிமை 90 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. தரைப்பரப்போடு ஒப்பிட்டுக் குறைந்தபட்சச் சுவர்ப் பரப்பையும் கேட்பதால், நம் உதாரணத்தின் 2 மீட்டர்ச் சுவர்களை நீட்ட வேண்டி வரலாம்.

சரி, இடம்? சுவர் என்றதும் ‘கார் எங்கே நிற்கும்’ என்பதுதான் முதல் கேள்வி. நெடுக்கு வாக்குச் சுவர்களால் பிரச்சினையே இல்லை. இரு பக்க எல்லையிலும் உள்ள தூண்களுக்கு நடுவே ஆளுக்கொன்றாக நிற்கும், கார் அந்த வழியாகப் போவதில்லை. குறுக்கு வாக்கில் பின்வரிசையிலும் தடையில்லை. இடிப்பது முன்வரிசை மட்டும்தான். அங்கே இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்றை முழுதாகக் கார் வழிக்கு விட்டு, இன்னொன்றில் 2 மீட்டர்ச் சுவர் வைத்தால் மீதி ஒன்றரை மீட்டர் ஆள் நடந்து வரும் வழியாகும். மீட்டர்ப் பெட்டிகளும் அந்தச் சுவரை ஒட்டி வந்துவிடும். முன்வரிசைக் கட்டம் அடைபடுவதால் உள்ளே வண்டி திருப்புவது கொஞ்சம் நெருக்கமாகும், ஒரு கார் இடத்தை இழக்கவும் நேரலாம். இந்த ஒப்பீட்டில் கான்கிரீட் சுவருக்கு நாம் கொடுக்கும் நிஜமான விலை அதுதான், கொடுக்கத் தகுந்தது என்பது என் கருத்து.

முன்வரிசைச் சுவரைத் தவிர்க்கப் பலர் எடுக்கும் குறுக்குவழி, பின்மூலையில் லிஃப்ட் கூண்டைக் கான்கிரீட்டில் கட்டிவிட்டு ‘ஷியர் வால் வந்துவிட்டது’ என்று திருப்தியடைவது. இதற்கும் கணக்கு பார்க்கலாம். பின்வரிசையில் மட்டும் 280 விறைப்புள்ள ஒரே சுவர், மற்றதெல்லாம் 147 விறைப்புள்ள தூண்கள். தளத்தின் எடை நடுவில் இருக்கிறது, விறைப்பின் மையமோ நடுவிலிருந்து 3.9 மீட்டர் பின்னால் போய்விடுகிறது. நடுவிலிருந்து பின்சுவரே 6 மீட்டர்தான். குறுக்காகக் குலுங்கும்போது கட்டடம் கீலில் மாட்டிய கதவு போலப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை வீசும், முன்பு சொன்ன முறுக்கம் இதுதான். முன்வரிசைத் தூண்கள் சுவரே இல்லாத கட்டடத்தைவிட மோசமான நகர்வைச் சந்திக்கலாம். லிஃப்ட் கூண்டு பின்னால் இருந்தால் அதற்கு ஈடாக முன்னால் ஒரு சுவர் வேண்டும். அல்லது லிஃப்டையும் படிக்கட்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, வெளிவிளிம்புகளில் சின்னச் சுவர்கள் வைக்க வேண்டும்.

அஸ்திவாரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நம் கட்டடத்தின் எடை சுமார் 4500 கிலோநியூட்டன், அதில் 4 சதவீதத்தைப் பக்கவாட்டு விசையாக எடுத்தால் 180. விறைப்பின்படி இரண்டு குறுக்குச் சுவர்கள் அதில் முக்கால் பங்குக்கும் மேல் வாங்கிக்கொள்ளும், சுவருக்கு 70 கிலோநியூட்டன். அந்த விசை சராசரியாக 10 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது என்றால், அடியில் 700 கிலோநியூட்டன்-மீட்டர் கவிழ்ப்பு. சட்டகம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், ஆனாலும் 2 மீட்டர்ச் சுவருக்குக் கீழே தனியாக ஒரு சின்ன அஸ்திவாரம் போட்டால் சுவர் ஆடும், விறைப்பெல்லாம் போய்விடும். இரு பக்கத் தூண்களின் அஸ்திவாரத்தோடு சேர்த்து ஒரே நீண்ட பட்டையாகப் போடுவதுதான் சரி. கட்டிமுடித்த பிறகு சுவர் சேர்ப்பது ஏன் கடினம் என்பதற்கும் இதுவே காரணம்.

சுவர் உச்சிவரை அதே இடத்தில் போக வேண்டும். மிக ஆபத்தானது இதன் தலைகீழ்: மேல் மாடிகளில் சுவரோ தூணோ இருக்கும், ஸ்டில்ட்டுக்கு வந்ததும் கார் வழிக்காக அதை நிறுத்திப் பீமின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். வரைபடத்தில் இது தெரிந்தால், மற்ற எதைப் பேசுவதற்கும் முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

புதுக்கட்டடம், மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்க மண்டலம், ஸ்டில்ட்டுக்கு மேல் மூன்று மாடியோ அதிகமோ என்றால் சந்தேகமே இல்லாமல் கான்கிரீட் சுவர். அதோடு 300 மி.மீ.க்குக் குறையாத தூண்களைப் பாதிக்குப் பாதி திருப்பி வைப்பேன். சுவர் இருப்பதால் 600 தூண் தேவையில்லை, 300க்கு 450 பெரும்பாலும் போதும். கார் வழி மிச்சமாவது அங்கேதான். பெரிய தூணா சுவரா என்று இடத்தை வைத்து வாதிடுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஸ்டில்ட்டுக்கு மேல் ஒரே மாடி, அகலமான மனை, நடுக்க அபாயம் குறைவு என்றால் சுவர் இல்லாமல் இரு திசையிலும் சமமாக வைத்த நல்ல தூண்களே போதும் என்று பொறியாளர் கணக்கோடு சொல்லலாம். அப்போது மேல் மாடிச் சுவர்களை எடை குறைந்த பலகைத் தடுப்பாக மாற்றினால் மேல்தளத்தின் விறைப்பு இறங்கி, வித்தியாசமும் குறையும். அதிகம் யாரும் யோசிக்காத, நல்ல வழி.

எதைத் தேர்ந்தாலும் தூண்முனைக் கம்பிக்கட்டு சரியில்லையென்றால் பலன் பாதிதான். ஸ்டில்ட் தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது 450 மி.மீ. நீளத்துக்கு, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். இடைவெளி எந்த நிலையிலும் 100 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது, 300 மி.மீ. தூணில் 75. ரிங்கின் கொக்கி 135 பாகை மடங்கித் தூணின் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். 90 பாகை கொக்கி வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் ஒரு டேப்போடு போய் நின்றால் யார் வேண்டுமானாலும் இதைச் சரிபார்க்கலாம். கம்பிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பு தூணின் நடு உயரத்தில் இருக்கிறதா, தரைமட்டத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். தரைமட்டத்தில் இருந்தால் அதிகம் வளையும் இடத்திலேயே இணைப்பு விழுகிறது.

ஏற்கெனவே ஸ்டில்ட் கட்டடத்தில் குடியிருப்பவருக்குத் தேர்வுகள் குறைவு, இல்லாமல் இல்லை. கீழே இறங்கிப் பாருங்கள். எல்லாத் தூணின் அகலப்பக்கமும் ஒரே திசையைப் பார்க்கிறதா, லிஃப்ட் கூண்டு ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா, தூணின் தலையில் பீமுக்குக் கீழே கிடைமட்டமாக விரிசல் ஓடுகிறதா, பாதிச் சுவர் ஒட்டியிருக்கிறதா? இந்த நாலில் இரண்டு இருந்தாலே கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் கணக்கெடுக்கச் சொல்லலாம். அவர் பெரும்பாலும் வெளிவரிசைக் கட்டங்களில் இரும்பு மூலைவிட்ட முட்டுகளையோ, அஸ்திவாரத்தோடு சேர்த்த புதுச் சுவர்களையோ சொல்வார். முட்டு கட்டினால் கார் நுழையாது என்பதால், எந்தக் கட்டம் போகும் என்பதைக் குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். தூணுக்கு மட்டும் மேலுறை போட்டுத் தடிமனாக்குவது மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் பெரிய தூண் பற்றி மேலே சொன்ன குறைகள் அத்தனையும் அதற்கும் பொருந்தும். உறையின் கம்பி பீமைத் தாண்டி மேல்தளத்துக்குள்ளும் அஸ்திவாரத்துக்குள்ளும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள், தரையிலும் பீமடியிலும் நின்றுவிட்ட உறை, வளையும் முனைகளுக்கு ஒரு வலிமையும் சேர்க்காது.